செங்கல்லை எட்டாத திருகு: கழிப்பறைக் கைப்பிடிக் கம்பியை மறுபடி பொருத்திய பதிவு

சுவரிலிருந்து கழன்ற கைப்பிடிக் கம்பியின் ஒரு முனையில் மூன்று திருகுகளும் அவற்றின் பிளாஸ்டிக் பிளக்குகளோடு அப்படியே வெளியே வந்திருந்தன. பிளக் எதுவும் உடையவில்லை, திருகு எதுவும் வளையவில்லை. ஆனால் பிளக்குகளின் மேல் ஒட்டியிருந்த தூள் முழுக்கச் சாம்பல் நிறம். செங்கல்லின் சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. என்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கம்பி இத்தனை நாளும் சுவரில் நிற்கவில்லை, சிமெண்டுப் பூச்சில் நின்றிருக்கிறது.

ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அளந்து பார்த்தோம். டைல்ஸ் 8 மி.மீ., அதை ஒட்டிய கலவை 12 மி.மீ., அதற்குப் பின்னால் பூச்சு 15 மி.மீ. ஆக, செங்கல் தொடங்குவதே 35 மி.மீ. ஆழத்தில். கம்பியோடு பெட்டிக்குள் வந்த பிளக்கின் நீளம் 30 மி.மீ., திருகு 40 மி.மீ. கம்பியின் முனையில் சுவரோடு பொருந்தும் தட்டின் கனம் 3 மி.மீ. போனால் திருகின் நுனி செங்கல்லுக்குள் நுழைந்தது வெறும் 2 மி.மீ. பிளக்கோ செங்கல்லைத் தொடவே இல்லை. பெட்டிக்குள் இலவசமாக வரும் திருகுகளை நம்பிப் பொருத்தும் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய சுவரில் அவை பெரும்பாலும் போதாது.

பயன்படுத்தும் பெரியவரின் எடை 64 கிலோ. தட்டு ஆடுவதை எடை முழுதாக ஏறும் முன்பே கவனித்துவிட்டதால் அடி எதுவும் படவில்லை.

எவ்வளவு தாங்க வேண்டும்

கம்பியை வெறும் எடை தொங்கவிடும் கொக்கியாக நினைத்தால் கணக்கு தப்பும். எங்கள் கம்பி 32 மி.மீ. குறுக்களவு, சுவருக்கும் அதற்கும் நடுவே 38 மி.மீ. இடைவெளி. அதாவது கை அழுத்தும் கோடு சுவரிலிருந்து 54 மி.மீ. தள்ளி இருக்கிறது. கீழ்நோக்கி அழுத்தும்போது தட்டின் கீழ் விளிம்பு சுவரில் ஊன்றிக்கொள்ள, மேல் பகுதி வெளியே பிரியப் பார்க்கும். 80 மி.மீ. வட்டத் தட்டில் இரண்டு துளைகள் மேலே வரும்படி பிடித்தால், அவை கீழ் விளிம்பிலிருந்து 55 மி.மீ. உயரத்தில் இருக்கும். 54-ம் 55-ம் ஏறக்குறைய சமம். ஆகவே ஒரு முனைக்கு அருகில் 60 கிலோ அழுத்தினால், மேல் இரண்டு திருகுகளையும் சேர்த்துக் கிட்டத்தட்ட அதே 60 கிலோ விசை சுவரைவிட்டு வெளியே இழுக்கிறது. கால் வழுக்கி ஒருவர் பின்னால் சாய்ந்தால் இந்த இழுப்பு இன்னும் கூடும்.

இதனால் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, மூன்று துளைகளில் இரண்டு மேலே, ஒன்று கீழே வரும்படி கம்பியைத் திருப்பிப் பிடிப்பது. முன்பு பொருத்தியவர் ஒன்றை மேலே வைத்திருந்தார், இழுப்பு முழுவதும் அந்த ஒற்றைத் திருகில் விழுந்திருக்கிறது. இரண்டாவது, தாங்கும் எடைக்கு இலக்கு வைப்பது. அமெரிக்க அணுகல் விதிகள் கைப்பிடிக் கம்பியின் எந்த இடத்திலும் 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. 64 கிலோ எடையுள்ளவருக்கும் அதையே இலக்காக எடுத்துக்கொண்டோம். தடுமாறி விழும்போது கை பிடிக்கும் விசை, நிதானமாக நிற்கும்போது இருக்கும் எடையைவிட அதிகம்.

ஏன் ரெசின்

இந்தச் சுவர் 230 மி.மீ. கனமுள்ள திடமான சுட்ட செங்கல். இதற்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, விரியும் ஆங்கர் போல்ட். கான்கிரீட்டில் அருமையாகப் பிடிக்கும் சாமான் இது. ஆனால் அது பிடிப்பதே பக்கவாட்டில் விரிந்து நெருக்குவதால்தான். செங்கல் அந்த நெருக்கத்தைத் தாங்காமல் பிளக்கும். ஒரே தட்டுக்குக் கீழே 52 மி.மீ. இடைவெளியில் மூன்று போல்ட்டுகள் விரிந்தால் நடுவிலிருக்கும் செங்கல் துண்டே தளர்ந்துவிடும். இறுக்கும்போது நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, பிறகு ஆடத் தொடங்கும். அதை அப்போதே விட்டுவிட்டோம்.

இரண்டாவது, 10 மி.மீ. குறுக்களவும் 100 மி.மீ. நீளமும் உள்ள நைலான் பிளக். விரியும் பகுதி முழுவதும் செங்கல்லுக்குள் போய்விடும் என்றால் இது நியாயமான வழிதான். ஓட்டை கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அல்லது செங்கல் மென்மையாக இருந்தால் பிடிப்பு குறைந்துவிடும்.

மூன்றாவது, கெமிக்கல் ஆங்கர். ஓட்டைக்குள் இரண்டு பாகங்கள் கலந்த ரெசினை நிரப்பி, அதற்குள் மரையிட்ட எஃகுத் தண்டைச் செருகி இறுகவிடுவது. இது செங்கல்லை நெருக்குவதில்லை. ஓட்டையின் முழு நீளத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது. துளைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது இதுவே சரி என்று தேர்ந்தெடுத்தோம்.

செங்கல் உள்ளே துளையுள்ளதாகவோ, கான்கிரீட் ஹாலோ பிளாக்காகவோ இருந்தால் இதே ரெசினை வெறும் ஓட்டையில் பீய்ச்சக் கூடாது. அது வெற்றிடத்துக்குள் கொட்டிப் போகும், தண்டைச் சுற்றி எதுவும் நிற்காது. அங்கே சல்லடைபோன்ற பிளாஸ்டிக் உறையை முதலில் செருகி, அதற்குள்தான் ரெசினை நிரப்ப வேண்டும். அரைச் செங்கல் கனமுள்ள மெல்லிய தடுப்புச் சுவரென்றால், மறுபக்கம் எட்ட முடிகிறபோது சுவரை ஊடுருவும் போல்ட்டும் அந்தப் பக்கம் ஓர் எஃகுத் தகடும் வைப்பதே மேல்.

வாங்கியவையும் முதல் தவறும்

பழைய கம்பியே நல்ல நிலையில் இருந்தது. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு, 600 மி.மீ. நீளம், வழுக்காத சொரசொரப்பு. திருகுகள் மட்டும் துத்தநாகப் பூச்சுள்ள சாதா இரும்பு. ஈரம் பட்டு, தலைகளுக்குக் கீழே ஏற்கெனவே அரித்திருந்தன. புதிய தண்டு, நட், வாஷர் எல்லாம் துருப்பிடிக்காத எஃகில் எடுத்தோம். ரெசின், சாதாரண சிலிக்கான் துப்பாக்கியிலேயே பொருந்தும் 300 மி.லி. குழல்.

தட்டின் துளைகள் 6.5 மி.மீ. அளவில் இருந்தன. ஆகவே முதலில் எம்6 தண்டும் அதற்கேற்ற 8 மி.மீ. ஓட்டையும் போதும் என்று முடிவு செய்தோம். எம்6 தண்டின் பலத்தில் குறையில்லை, இந்த வேலையில் எஃகு முறியாது, செங்கல்தான் விடும். ஆனால் ரெசின் குழலின் முனையில் திருகும் கலவை மூக்கை ஒரு பழைய செங்கல்லில் போட்ட 8 மி.மீ. ஓட்டையில் விட்டுப் பார்த்தபோது அது உள்ளே போகவே இல்லை. ஓட்டையின் வாயிலிருந்தே பீய்ச்சினால் உள்ளே காற்று அடைபட்டு, அடிப்பகுதி காலியாகவே நின்றது. அந்தச் செங்கல்லை உடைத்துப் பார்த்ததில் தண்டின் கடைசி 40 மி.மீ. வெறுமையாக இருந்தது. தவறைச் சுவரில் செய்யாமல் ஒற்றைச் செங்கல்லில் செய்தது நல்லதாயிற்று.

எனவே எம்8 தண்டுக்கும் 10 மி.மீ. ஓட்டைக்கும் மாறினோம். அதற்காகத் தட்டின் துளைகளை 9 மி.மீ. ஆகப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கோபால்ட் கலந்த பிட்டை வைத்து, வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டு, நன்றாக அழுத்திப் பிடித்தால் துருப்பிடிக்காத எஃகு சீராக வெட்டுப்படும். வேகத்தைக் கூட்டினால் உலோகம் சூடாகிக் கடினப்பட்டு, பிட்டின் முனைதான் மழுங்கும். துளைக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே 5.5 மி.மீ. உலோகம் மிஞ்சியது. அது போதும்.

தண்டின் நீளத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வெட்டிவிட வேண்டும், பின்னால் சுவரில் வைத்து அறுப்பது டைல்ஸைப் பாழாக்கும். செங்கல்லுக்குள் 90 மி.மீ. வேண்டும், அதற்கு முன்னால் 35 மி.மீ., ஆக ஓட்டையின் ஆழம் 125 மி.மீ. வெளியே தட்டு 3, வாஷர் 1.6, நட் 6.5, மேலே ஓரிழை, மொத்தம் சுமார் 12 மி.மீ. அலங்கார மூடியின் உள் ஆழம் 14 மி.மீ. என்பதால் இதற்கு மேல் நீட்டினால் மூடி உட்காராது. ஓட்டையின் அடியில் 2 மி.மீ. விட்டு, தண்டுகளை 135 மி.மீ. நீளத்தில் ஆறாக வெட்டி, வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து, நட் தடையின்றி ஏறுகிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொண்டோம்.

இடம் குறித்தல்

உயரத்தை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. பெரியவரை உட்காரவைத்து, சுவரில் மூன்று உயரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொன்றின் மட்டத்திலும் ஒரு மரச்சட்டத்தை இருவர் பிடித்துக்கொள்ள, அதை அழுத்தி எழுந்திருக்கச் சொன்னோம். இருக்கையின் உயரம் 430 மி.மீ. தரையிலிருந்து 640 மி.மீ. உயரத்தில் அவருடைய தோள் கீழே இறங்கிச் சாய்ந்தது. 740-ல் முழங்கை அதிகம் மடங்கி, அழுத்த முடியாமல் தொங்கத்தான் முடிந்தது. 690-க்குச் சற்றே இப்பக்கம் அப்பக்கம் என்றால் சரியாக இருந்தது. 680 என்று குறித்தோம்.

முன்பின் இடத்தையும் அதேபோல் பார்த்தோம். எழுந்திருக்கும்போது உடல் முன்னால் சாய்வதால் கை இருக்கையைத் தாண்டிப் போகும். கம்பி முழுவதும் இருக்கைக்குப் பக்கத்திலேயே நின்றால் எழும் கணத்தில் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே இருக்கையின் முன் விளிம்புக்கு 300 மி.மீ. பின்னால் தொடங்கி, 300 மி.மீ. முன்னால் முடியும்படி வைத்தோம்.

குளியலறைத் தரை நீர் வடிவதற்காகச் சாய்வாக இருக்கும். இரண்டு முனைகளையும் தரையிலிருந்து அளந்தால் கம்பியும் சாயும். 600 மி.மீ. தூரத்துக்கு இங்கே 8 மி.மீ. வித்தியாசம் வந்தது. ஒரு முனையை மட்டும் தரையிலிருந்து அளந்து, மற்றதை ரசமட்டம் வைத்து இழுத்தோம்.

துளையிடும் முன், சுவரின் மறுபக்கமும் மேலும் கீழும் என்னென்ன குழாய்கள், மின்கம்பிகள் போகின்றன என்பதைத் தேடும் கருவியால் பார்த்து, முதன்மை வால்வையும் மின் இணைப்பையும் நிறுத்தினோம். பிறகு தட்டுகள் வரும் இடத்தில் ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக் கேட்டோம். பின்னால் வெற்றிடம் இருந்தால் மேளம்போல ஒலிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் நட்டை இறுக்கினால் டைல்ஸ் உள்ளே வளைந்து வெடிக்கும். எங்கள் சுவரில் இரண்டு இடமும் கெட்டியாக ஒலித்தன.

செங்கல்லின் இணைப்பு எங்கே

டைல்ஸுக்குப் பின்னால் செங்கல் எங்கே முடிகிறது, இரண்டு வரிசைக்கு நடுவிலான கலவை எங்கே ஓடுகிறது என்பது வெளியே தெரியாது. ரெசின் ஆங்கர் கலவையிலும் ஒட்டும், ஆனால் பழைய கலவை பொடிந்துபோயிருந்தால் அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே பெரிய பிட்டை எடுக்கும் முன் 5 மி.மீ. பிட்டால் சோதனைத் துளை போட்டோம். முதலில் மேல் இரண்டு துளைகள் மட்டும், அதுவும் ஒரு முனையில் மட்டும். செங்கல் வரிசை மட்டமாகவே போகும் என்பதால், கிடைமட்டக் கம்பிக்கு ஒரு முனையில் தெரிவது மறுமுனைக்கும் பொருந்தும்.

தூளின் நிறம்தான் வழிகாட்டி. முதலில் வெளிர் நிறத்தில் டைல்ஸ், பிறகு சாம்பல் நிறத்தில் கலவையும் பூச்சும். 35 மி.மீ. தாண்டியும் சாம்பல் தூளே வந்துகொண்டிருந்தது. பிட் தடையில்லாமல் வழுகி உள்ளே போனது. 60 மி.மீ. வரை சிவப்பே வரவில்லை. இரண்டு மேல் துளைகளும் சரியாக இணைப்பில் விழுந்திருந்தன.

இங்கே சோதனைத் துளைகளை மேலே மட்டும் போட்டது கைகொடுத்தது. கம்பியை 25 மி.மீ. மேலே ஏற்றினால், அந்த இரண்டு துளைகளும் புதிய தட்டுக்குக் கீழே மறைந்துவிடும். கீழ்த் துளையையும் போட்டிருந்தால் அது தட்டுக்கு வெளியே ஓட்டையாகத் தெரிந்திருக்கும். உயரம் 705 ஆகிறது. மறுபடி சட்டத்தைப் பிடித்துப் பெரியவரை எழுந்து பார்க்கச் சொன்னோம். "இதுவும் எனக்குத் தோதாத்தான் இருக்கு" என்றார். புதிய இடத்தில் 35 மி.மீ. ஆழத்திலேயே சிவப்புத் தூள் வந்தது, கடைசிவரை மாறவில்லை. மறுமுனையிலும் ஒரு துளை போட்டு உறுதி செய்துகொண்டோம். அங்கும் சிவப்பு. பழைய இரண்டு சோதனைத் துளைகளை ரெசின் போடும்போது சேர்த்தே அடைத்துவிட்டோம்.

துளையிடுதல்

டைல்ஸில் 12 மி.மீ., செங்கல்லில் 10 மி.மீ. டைல்ஸின் ஓட்டை பெரிதாக இருப்பது வேண்டுமென்றே. தண்டு டைல்ஸின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் அந்த விளிம்பில்தான் விசை விழும், நாளடைவில் விரிசல் ஓடும்.

டைல்ஸுக்கு வைர முனையுள்ள குழல் பிட். டிரில்லில் ஹேமரை நிறுத்திவிட வேண்டும். இதை மறந்தால் முதல் இரண்டு நொடியில் டைல்ஸ் போய்விடும். பிட்டைச் சாய்வாகப் பிடித்துத் தொடங்கி, பிறை வடிவில் ஒரு பள்ளம் விழுந்ததும் மெல்ல நிமிர்த்தினால் வழுக்காது. சோதனைத் துளைக்குள் நடு முளை இல்லாத குழல் பிட் ஊன்றிக்கொள்ளாது, ஆகவே சாய்த்துத் தொடங்குவதுதான் ஒரே வழி.

இரண்டாவது தவறு இங்கே நடந்தது. பிட் சூடாகாமல் இருக்க முதல் துளையில் குழாயிலிருந்து தண்ணீரை ஓடவிட்டோம். டைல்ஸ் அழகாக வெட்டுப்பட்டது, ஆனால் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கி, செங்கல்லைத் துளைத்தபோது தூளுக்குப் பதிலாகச் சிவப்புச் சேறு வந்தது. சேறு ஓட்டையின் சுவரில் பூசினாற்போல ஒட்டிக்கொண்டது. அதன்மேல் ரெசின் போட்டால் அது சேற்றைத்தான் பிடிக்கும். அந்த ஓட்டையைத் தூரிகையால் திரும்பத் திரும்பத் தேய்த்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட வேண்டியதாயிற்று. மற்ற ஐந்துக்கும் ஈரப் பஞ்சைத் துளைக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்து நொடிக்கு ஒருமுறை பிட்டை அதில் தொட்டுத் தொட்டு வெட்டினோம். உள்ளே ஈரம் இறங்கவில்லை.

செங்கல்லிலும் ஹேமரைப் போடவில்லை. புதிய கார்பைடு பிட், சுழற்சி மட்டும். ஓர் ஓட்டைக்கு மூன்று நிமிடம் ஆனது. ஹேமரில் அரை நிமிடத்தில் முடியும், ஆனால் ஓட்டை கிண்ணம்போல அகன்று, உள்ளே செங்கல் சில்லு சில்லாக உதிரும். 125 மி.மீ. ஆழத்தைக் காட்ட பிட்டில் டேப் சுற்றிக்கொண்டோம்.

ரெசின் போடுதல்

இந்த வேலையில் மிக அலுப்பான பகுதியும் மிக முக்கியமான பகுதியும் ஓட்டையைச் சுத்தம் செய்வதே. கைப்பம்பின் மெல்லிய குழாயை அடிவரை விட்டு நான்கு முறை ஊதினோம், உருளைத் தூரிகையைச் சுழற்றி நான்கு முறை தேய்த்தோம், மறுபடி நான்கு முறை ஊதினோம். தூரிகை ஓட்டையைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே விடும்போது உரசல் கைக்குத் தெரிய வேண்டும். கடைசி ஊதலில் தூள் வராதபோதுதான் நிறுத்தினோம். வாயால் ஊதக் கூடாது. மூச்சின் ஈரம் உள்ளே போகும், தூள் கண்ணுக்கு வரும்.

குழலில் மூக்கைப் பொருத்தியதும் முதலில் வரும் ரெசினை அட்டையில் பீய்ச்சி எறிய வேண்டும். இரண்டு பாகங்களும் கலக்காமல் வரிவரியாக வரும் அது இறுகவே இறுகாது. நிறம் ஒரே சீராக மாறியபின், ஏறக்குறைய ஒரு சாண் நீளம் போனபின், ஓட்டைக்கு வரலாம். மூக்கின் முனையை அடிவரை விட்டு, பீய்ச்சியபடியே மெல்லப் பின்னிழுத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினோம். ஓர் ஓட்டைக்கு 6 முதல் 7 மி.லி. தண்டைச் சுழற்றியபடி செருகியதும் ரெசின் வாய்வரை வந்து சற்றே பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் உள்ளே குறைவு என்று பொருள், தண்டை உருவி இன்னும் நிரப்ப வேண்டும். டைல்ஸுக்குப் பின்னால் உள்ள கலவைப் பகுதியும் இப்படி நிறைவதால், தண்டு அந்த 35 மி.மீ. தூரத்தில் அந்தரத்தில் வளையாமல் நிற்கிறது.

மூன்றாவது தவறு, ஆறு ஓட்டைகளையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தது. எங்கள் குழலின் அட்டவணைப்படி 30 டிகிரி வெப்பத்தில் கையாளக் கிடைப்பது 4 நிமிடம். நான்காவது ஓட்டைக்குப் போகும்போது மூக்குக்குள்ளேயே ரெசின் இறுகி, துப்பாக்கியின் விசை நகரவில்லை. வலுக்கட்டாயமாக அழுத்தினால் குழல் பின்னால் கிழியும். நிறுத்திவிட்டோம். நல்லவேளையாக முதல் முனையின் மூன்று தண்டுகளும் அதற்குள் உள்ளே போயிருந்தன.

அந்த மூன்றின் மேல் கம்பியின் தட்டையே அச்சாகப் போட்டோம். தட்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவே மெல்லிய பாலித்தீன் தாள், பிதுங்கும் ரெசின் கம்பியைச் சுவரோடு ஒட்டிவிடாமல் இருக்க. மறுமுனையை ஒரு மரக்கட்டையால் தாங்கி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, அப்படியே விட்டோம். தண்டுகள் தனித்தனியாக இறுகினால் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் தட்டு பிறகு ஏறாது. துளைக்கும் தண்டுக்கும் நடுவே நமக்கு இருக்கும் தளர்வே ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டு மணி நேரம் கழித்து, புதிய மூக்கை மாட்டி, மறுமுனையை முடித்தோம். இரவு முழுவதும் யாரும் தொடவில்லை.

இறுக்குதலும் சோதனையும்

துருப்பிடிக்காத நட், துருப்பிடிக்காத மரையில் உராய்ந்து ஏறும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாதியில் நின்றுவிடும். மரையில் ஒரு சொட்டு கிரீஸ் தடவினால் அந்தத் தொல்லை இல்லை. சின்ன ஸ்பேனர், கையால் இறுகியபின் கால் சுற்று, அவ்வளவுதான். இன்னும் இறுக்கினால் நல்லது என்று தோன்றும். ஆனால் அந்த விசை ரெசினையும் செங்கல்லையும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

சிலிக்கானும் மூடியும் போடும் முன் சோதனை. 20 லிட்டர் கேன்கள் இரண்டைக் காலியாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு தண்ணீர் நிரப்பினோம். கயிற்றில் ஒரு கால் வளையம் போட்டு, தரைக்கு 50 மி.மீ. மேலே நிற்கும்படி கட்டி, 78 கிலோ எடையுள்ளவர் அதில் ஏறி நின்றார். மொத்தம் 118 கிலோ. கம்பி விட்டாலும் கால் தரையைத் தொடும் தூரம் இரண்டு விரல்தான். நடுவில் ஒருமுறை, ஒவ்வொரு முனைக்கு அருகிலும் ஒருமுறை, தலா இரண்டு நிமிடம்.

வெளியே இழுக்கும் சோதனையைத் தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சுவரில் ஊன்றிச் செய்தோம். நின்றுகொண்டு இழுத்தால், கம்பி விடும் பட்சத்தில் இழுப்பவர் மல்லாக்க விழுவார். கயிற்றுக்கு நடுவே தொங்கு தராசு, 45 கிலோ வரை. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் தட்டின் மேல் விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நுழைக்க முயன்றோம். எங்கும் நுழையவில்லை. நட்டிலிருந்து தட்டுவரை போட்டிருந்த பேனாக் கோடுகளும் நகரவில்லை.

பிறகு தட்டைச் சுற்றி சிலிக்கான். மேலேயும் பக்கங்களிலும் மட்டும் போட்டு, அடியில் 15 மி.மீ. திறந்து விட்டோம். எங்காவது நீர் புகுந்தால் அது உள்ளே தேங்காமல் அந்த வழியாக வெளியே வரும், வந்தால் கண்ணுக்கும் தெரியும். புளிப்பு வாடை வீசும் சிலிக்கான் உலோகத்தை அரிக்கக்கூடியது என்பதால் வாடை இல்லாத நியூட்ரல் வகையை எடுத்தோம்.

அடுத்த முறை மாற்றுவது

கம்பி வாங்கும்போதே தட்டின் துளைகள் 8.5 அல்லது 9 மி.மீ. உள்ளதாகத் தேடுவோம். எஃகில் ஆறு துளைகளைப் பெரிதாக்க அரை நாள் போயிற்று, இரண்டு பிட்டுகளும் மழுங்கின. கலவை மூக்குகள் குறைந்தது மூன்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஒன்றோடு தொடங்கியது அறியாமை. 300 மி.லி. குழலில் நாங்கள் பயன்படுத்தியது வீணானதையும் சேர்த்து 90 மி.லி. அளவுதான். திறந்த குழல் நீண்ட நாள் நிற்காது. ஆகவே குளிக்கும் இடத்துக்கும் ஒரு செங்குத்துக் கம்பி தேவைப்பட்டால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். செங்குத்துக் கம்பிக்கு மேலும் கீழும் உள்ள தட்டுகள் வெவ்வேறு செங்கல் வரிசைகளில் விழும் என்பதால், அங்கே சோதனைத் துளையை இரண்டு முனைகளிலும் தனித்தனியாகப் போட வேண்டும்.

மூடியைக் கழற்றிப் பார்க்க வசதியாக அதை ஒட்டாமல் வெறுமனே அமுக்கி விட்டிருக்கிறோம். மாதம் ஒருமுறை மூடியை நகர்த்தி, நட்டின் பேனாக் கோடுகளையும் அடியில் விட்ட இடைவெளியில் ஈரமோ துருக்கறையோ இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.